மூலங்களைக் காணாமல் மூன்றாம் படி நிலைத்தன்மைச் சோதனை: அறிகுறியிலிருந்து பிழைக்கு

திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில், தண்ணீர் பிரஷரைச் சீராக வைத்திருக்க வேண்டிய பம்ப் ஒன்று நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. பிரஷர் சென்சாரைப் படித்து, டிரைவுக்கு வேகக் கட்டளை அனுப்பும் சிறிய கன்ட்ரோலர் போர்டை, கோவையில் எங்கள் பட்டறையில்தான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். அங்கிருந்த தம்பி போனில், "Kp-யக் கொறச்சுப் பாத்தாச்சுங்கண்ணா, கொறைக்கக் கொறைக்க இன்னும் அதிகமாத்தானுங்க ஆடுது" என்றார். ஆட்டம் வந்தால், பிழையைப் பெருக்கும் எண்ணான Kp-யைக் குறை என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை. அந்த அறிவுரையே ஆட்டத்தைக் கூட்டியது ஏன் என்பதற்கு, அன்று ஒரு தாளில் நான்கு வரிக் கணக்கு விடை சொன்னது. அந்தக் கணக்கையும், எந்த அறிகுறி அதன் எந்த வரியைச் சுட்டுகிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

சோதனையின் நான்கு வரிகள்

மாதிரி எடுத்து இயங்கும் ஒரு மூடிய சுற்றின் சிறப்பியல்புப் பல்லுறுப்புக்கோவை மூன்றாம் படியாக இருந்து, முதல் கெழு 1 ஆகும்படி வகுத்து எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம்.

```
P(z) = z^3 + a z^2 + b z + c
```

இதன் மூன்று மூலங்களும் அலகு வட்டத்துக்குள், அதாவது 1-க்குக் குறைவான அளவோடு இருந்தால் மட்டுமே சுற்று நிலையானது. மூலங்களைக் காணாமலே இதை அறியப் பின்வரும் நான்கும் உண்மையாக இருக்க வேண்டும். நான்கும் உண்மையானால் அதுவே போதும்.

```
(1)  1 + a + b + c > 0
(2)  1 - a + b - c > 0
(3)  |c| < 1
(4)  1 - c^2 > |b - a c|
```

முதல் வரி P(1) நேர்மறை என்பது. இரண்டாவது P(-1) எதிர்மறை என்பதை அடையாளம் மாற்றி எழுதியது. மூன்றாவது, மூன்று மூலங்களின் பெருக்கத்தின் அளவு 1-க்குக் குறைவு என்பது. நான்காவது, ஜூரி அட்டவணையின் அடுத்த வரிசையிலிருந்து வருவது. இதன் கணித அடித்தளத்தை ஷூர் 1917-இலும் கோன் 1922-இலும் இட்டார்கள். பொறியாளர்கள் கையால் போடக்கூடிய அட்டவணையாக அதை ஜூரியும் பிளான்சார்டும் 1961-இல் வெளியிட்டார்கள். மூன்றாம் படிக்கு அட்டவணையே வேண்டியதில்லை, இந்த நான்கு வரிகள் போதும்.

மூலங்களையே கணினியில் கண்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். எண்கள் கையில் இருக்கும்போது அது எளிதுதான். ஆனால் மூலங்கள் அந்த ஒரு Kp, Ki இணைக்கு மட்டுமே விடை தரும். இந்தச் சமனிலிகளோ Kp-யையும் Ki-யையும் எழுத்தாகவே வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நகர்ந்தால் சுற்று உடையும் என்பதைச் சொல்லும். பிழை தேடும்போது நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

நம் பம்புக்கான பல்லுறுப்புக்கோவை

கன்ட்ரோலர் 0.1 விநாடிக்கு ஒருமுறை பிரஷரைப் படிக்கிறது. டிரைவும் பம்பும் குழாயும் சேர்ந்து, ஏறக்குறைய ஒரு விநாடிக் கால மாறிலி கொண்ட முதல் படி அமைப்பாக நடந்துகொள்கின்றன. y பிரஷர், u கட்டளை என்று கொண்டால், ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்கு அதன் நடத்தையை இப்படி எழுதலாம்.

```
y[k+1] = 0.9 y[k] + 0.1 u[k-1]
```

இங்கே u[k-1] என்று இருப்பதைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரியில் கணக்கிட்ட கட்டளை அடுத்த மாதிரியில்தான் டிரைவைச் சென்று சேர்கிறது. படிப்பது, கணக்கிடுவது, தொடர்பு வழியே அனுப்புவது என்று ஒரு சுற்று காலம் போய்விடுவதால் இந்த ஒரு மாதிரித் தாமதம் வருகிறது. பி.ஐ. கன்ட்ரோலர், வேண்டிய பிரஷருக்கும் படித்த பிரஷருக்கும் உள்ள வித்தியாசமான பிழையை Kp-யால் பெருக்கி, இதுவரை சேர்ந்த பிழைகளின் கூட்டுத்தொகையை Ki-யால் பெருக்கி, இரண்டையும் கூட்டுகிறது. அமைப்புக்கு ஒரு படி, தாமதத்துக்கு ஒரு படி, கூட்டுத்தொகைக்கு ஒரு படி என்று மொத்தம் மூன்றாம் படி வருகிறது. சுற்றை மூடி எழுதினால் கிடைப்பது இது.

```
P(z) = z(z-1)(z-0.9) + 0.1[(Kp+Ki)z - Kp]

a = -1.9
b = 0.9 + 0.1(Kp+Ki)
c = -0.1 Kp
```

இனி நான்கு வரிகளிலும் இவற்றைப் போட வேண்டியதுதான். முதல் வரி 0.1 Ki > 0 என்று சுருங்குகிறது. Ki நேர்மறையாக இருந்தால் போதும். இரண்டாவது 3.8 + 0.2 Kp + 0.1 Ki > 0 என்றாகிறது. நேர்மறையான Kp, Ki எதற்கும் இது உடையவே உடையாது. மூன்றாவது, Kp-யின் அளவு 10-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. நான்காவதுதான் முக்கியமானது. அதை 100-ஆல் பெருக்கிச் சுருக்கினால் இப்படி வரும்.

```
10 - 10 Ki + 9 Kp - Kp^2 > 0
```

நான்காம் வரியில் இருக்கும் மட்டுக்குறியை எடுத்துவிட்டுத்தான் இதை எழுதியிருக்கிறேன். முதல் மூன்று வரிகளும் உண்மையானால் மட்டுக்குறியின் மறுபக்கம் தானாகவே உண்மையாகிவிடும்: (1)-ஐ (1-c)-ஆலும் (2)-ஐ (1+c)-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 2(1+b-ac-c²) கிடைக்கிறது, |c| < 1 என்பதால் அது நேர்மறை. எனவே 1 - b + ac - c² > 0 என்ற ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறி: பல மாதிரிகளுக்கு ஒரு சுற்றாக அலை வளர்கிறது

களத்தில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். பிரஷர் ஏறி இறங்கி ஏறுகிறது, ஒவ்வொரு அலையும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. இணை சிக்கலெண் மூலங்கள் வட்டத்தைத் தாண்டியிருக்கின்றன என்று பொருள். உடைந்திருப்பது நான்காம் வரி.

உண்மைக் களத்தில் அலை எல்லையின்றி வளராது. டிரைவ் 50 ஹெர்ட்ஸ் உச்சவரம்பையும் கீழ்வரம்பையும் தொட்டவுடன் அலை ஒரே உயரத்தில் நின்றுவிடும். அதைப் பார்த்துவிட்டு, வளரவில்லையே, எல்லையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கட்டளை வரம்பைத் தொட்டுத் தொட்டு மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடுகிறதென்றால் சுற்று எல்லையைத் தாண்டிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அன்று போர்டில் இருந்த மதிப்புகள் Kp = 1, Ki = 2. அப்போது a = -1.9, b = 1.2, c = -0.1. முதல் வரி 0.2, இரண்டாவது 4.2, இரண்டும் நேர்மறை. மூன்றாவதில் |c| = 0.1, கவலையில்லை. நான்காவதில் இடப்பக்கம் 1 - 0.01 = 0.99, வலப்பக்கம் |1.2 - 0.19| = 1.01. இடப்பக்கம் சிறியது, ஆகவே சுற்று நிலையற்றது. வித்தியாசம் 0.02 மட்டுமே என்றாலும், ஒவ்வொரு அலையும் முந்தியதைவிட ஏறக்குறைய 17 விழுக்காடு பெரிதாகும்.

இப்போது அந்தத் தம்பி செய்ததைச் செய்து பார்ப்போம். Kp-யை 0.5 ஆகக் குறைத்தால் நான்காம் வரியின் சுருக்கம் 10 - 20 + 4.5 - 0.25 = -5.75 ஆகிறது, முன்பு அது -2 ஆக இருந்தது. குறைத்ததால் இன்னும் கீழே போய்விட்டது. மாறாக Kp-யை 3 ஆக உயர்த்தினால் 10 - 20 + 27 - 9 = 8, நேர்மறை; மற்ற மூன்று வரிகளும் சரியாகவே இருப்பதால் சுற்று நிலையாகிறது.

காரணம் சமனிலியின் வடிவத்திலேயே இருக்கிறது. Kp-யை நோக்கி அது ஒரு பரவளையம். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழ்கிறது. Ki = 2 என்று நிறுத்திவிட்டால், Kp² - 9Kp + 10 < 0 ஆக இருக்க வேண்டும்; அதாவது Kp 1.30-க்கும் 7.70-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் எல்லை எல்லோருக்கும் தெரியும். கீழ் எல்லை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. Ki அதிகமாக இருக்கும்போது, சேர்ந்துகொண்டே போகும் கூட்டுத்தொகையைத் தாங்கிப் பிடிக்கப் போதிய Kp வேண்டும். அது இல்லையென்றால் கூட்டுத்தொகை தன் போக்கில் ஆடும்.

எந்த எல்லையைத் தாண்டியிருக்கிறோம் என்பதை அலையின் நீளத்திலிருந்தே அறியலாம். எல்லையில் இணை மூலங்களின் பெருக்கம் 1. மூன்று மூலங்களின் பெருக்கம் -c. எனவே மூன்றாவது மூலம் -c, அதாவது 0.1 Kp. மூன்றின் கூட்டுத்தொகை -a, அதாவது 1.9. இதிலிருந்து இணை மூலங்களின் கோணம் θ கிடைக்கிறது.

```
2 cos(theta) = 1.9 - 0.1 Kp
```

Kp = 1.30 எல்லையில் cos θ = 0.885, θ ஏறக்குறைய 27.7 பாகை. 360-ஐ அதனால் வகுத்தால் ஒரு அலைக்கு 13 மாதிரிகள், 1.3 விநாடி. Kp = 7.70 எல்லையில் cos θ = 0.565, θ ஏறக்குறைய 55.6 பாகை, ஒரு அலைக்கு ஆறரை மாதிரிகள், 0.65 விநாடி. ஆகவே அலை நீளமாக இருந்தால் கீழ் எல்லைப் பக்கம், குட்டையாக இருந்தால் மேல் எல்லைப் பக்கம். நீளமான அலையைக் கண்டால் Kp-யைக் குறைக்கக் கூடாது. Ki-யைக் குறைக்க வேண்டும்.

அலையை எண்ணும்போது ஒரு சிக்கல் உண்டு, அன்று எங்களையும் அது ஏமாற்றியது. கன்ட்ரோலர் 0.1 விநாடிக்கு ஒருமுறை படித்தாலும், திரைக்கு எடுத்துப் பார்த்த பதிவு விநாடிக்கு ஒரு புள்ளிதான். 1.3 விநாடி அலையை விநாடிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் அது 4.3 விநாடி நீளமுள்ள வேறொரு அலையாகத் தெரியும். தம்பி எண்ணிச் சொன்னது நாலேகால் விநாடி. கணக்கு சொன்னது 1.3. முதலில் மாதிரியமைப்புச் சமன்பாட்டையே சந்தேகித்தேன். பிறகு கன்ட்ரோலருக்குள்ளேயே இருநூறு மாதிரிகளைச் சேமித்து எடுத்துப் பார்த்தபோது அலை சரியாகப் பதின்மூன்று மாதிரியில் வந்தது. பதிவின் இடைவெளியைக் கேட்காமல் அலை நீளத்தை நம்பக் கூடாது.

அறிகுறி: அலையே இல்லாமல் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது

பிரஷர் ஏறினால் ஏறிக்கொண்டே போகிறது, அல்லது இறங்கிக்கொண்டே போய் அடியில் நிற்கிறது. திரும்பி வருவதே இல்லை. இது +1-ஐத் தாண்டிய மெய் மூலத்தின் அடையாளம். பார்க்க வேண்டியது முதல் வரி. நம் சுற்றில் அது 0.1 Ki என்பதால், Ki, 0.1 இரண்டில் ஒன்றின் அடையாளம் தலைகீழாகியிருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பிழையைக் கழிக்கும் வரிசை மாறியிருந்தாலும், சென்சாரின் இரு முனைகளும் தலைகீழாக அளவிடப்பட்டிருந்தாலும், 0.1 என்ற பெருக்கமே எதிர்மறையாகி இதே விளைவு வரும்.

முதல் வரி மிகச் சரியாகப் பூஜ்யம் வந்தால் பதற வேண்டாம். Ki = 0 என்று வைத்துச் சோதித்தால் அப்படித்தான் வரும். கூட்டுத்தொகை பயன்படாமல் கிடக்கிறது, அதன் (z-1) காரணி மட்டும் பல்லுறுப்புக்கோவையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நீக்கிவிட்டு மிஞ்சும் இரண்டாம் படிக்கே சோதனை போட வேண்டும்.

இந்த வரியில்தான் தசமப் புள்ளிகளைச் சுருக்குவதன் கேடு முதலில் தெரியும். Ki = 0.05 என்றால் முதல் வரியின் மதிப்பு 0.005 மட்டுமே. கெழுக்களை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதினால் ஒவ்வொன்றிலும் 0.005 வரை பிழை வரலாம். மூன்று கெழுக்களும் சேர்ந்து 0.015 வரை போகும். தேடும் எண்ணைவிடப் பிழை மூன்று மடங்கு பெரிது. அடையாளத்தை நம்பவே முடியாது. கெழுக்களைக் குறைந்தது ஐந்து தசம இடம் வரை வைத்திருங்கள். முடிந்தால் எழுத்தாகவே சுருக்கி 0.1 Ki என்று கண்டுவிட்டு, அதன் பிறகு எண்ணைப் போடுங்கள்.

அறிகுறி: ஒரு மாதிரி மேலே, அடுத்த மாதிரி கீழே

அலை நீளம் சரியாக இரண்டு மாதிரி என்றால் -1-ஐத் தாண்டிய மூலம். உடைந்தது இரண்டாம் வரி. நம் சுற்றில் நேர்மறையான Kp, Ki எதற்கும் அது உடையாது என்று மேலே கண்டோம். எனவே களத்தில் அதைக் கண்டால் Kp-யைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எழுதி வைத்த பல்லுறுப்புக்கோவை அந்த எந்திரத்துடையதே இல்லை என்று கொள்ளுங்கள். தாமதமே இல்லாத சுற்றாக இருக்கலாம், அல்லது யாரோ வகைக்கெழு உறுப்பைச் சேர்த்திருக்கலாம்.

அறிகுறி: தாளில் நிலையானது, எந்திரம் ஆடுகிறது

இதற்கு நான் கண்ட மிகப் பொதுவான காரணம், அந்த ஒரு மாதிரித் தாமதத்தை விட்டுவிடுவதுதான். தாமதத்தை விட்டால் கிடைப்பது இரண்டாம் படிக் கோவை.

```
z^2 - [1.9 - 0.1(Kp+Ki)] z + 0.9 - 0.1 Kp
```

Ki = 0.5 என்று வைத்துக்கொண்டால், இந்தக் கோவையின்படி Kp 18.75 வரை போகலாம். தாமதத்தைச் சேர்த்த மூன்றாம் படிக் கோவையில் 5 + 9Kp - Kp² > 0 ஆக வேண்டும், எல்லை 9.52. ஒரே ஒரு மாதிரித் தாமதம் எல்லையைப் பாதியாக்கிவிட்டது. தாளை நம்பி Kp = 12 வைத்தவர் எந்திரம் ஆடுவதைப் பார்த்து டிரைவையும் சென்சாரையும் மாற்றிப் பார்ப்பார்; குறை அவற்றில் இல்லை.

இங்கும் அலை நீளமே சாட்சி. தாமதமில்லாத கோவை 18.75-இல் உடைவது P(-1) வழியாக, அதாவது இரண்டு மாதிரி அலையாக. தாமதமுள்ள சுற்று 9.52-இல் உடையும்போது ஒரு அலைக்கு ஏறக்குறைய ஆறு மாதிரிகள். எந்திரத்தில் ஆறு மாதிரி அலையைக் கண்டால் தாமதம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அறிகுறி: எந்திரம் நன்றாக ஓடுகிறது, சோதனை தோற்கிறது

இது கணக்கைப் போடுவதில் வரும் பிழை. கெழுக்களை நிரலில் ஏறுவரிசையில் சேமித்துவிட்டு, இறங்குவரிசை என்று நினைத்துச் சோதனைக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மூலமும் தன் தலைகீழியாக மாறிவிடும். உள்ளே இருந்தவை எல்லாம் வெளியே போய்விடும். மூன்றாம் வரியே இதைக் காட்டிக்கொடுக்கும்: நன்றாக ஓடும் எந்திரத்தில் |c| 1-ஐவிடப் பல மடங்கு பெரிதாக வருகிறதென்றால் வரிசையைத் திருப்பிப் பாருங்கள். y[k] = 1.9 y[k-1] - ... என்ற வடிவத்திலிருந்து அடையாளம் மாற்றாமல் கெழுவை எடுப்பது இன்னொரு பிழை. இடப்பக்கம் கொண்டுவந்தால் அது -1.9.

z-இல் இருக்கும் கோவைக்கு நேரடியாக ரூத் சோதனையைப் போடுவதும் உண்டு. a = -1.9 என்று எதிர்மறைக் கெழுவைக் கண்டவுடன் நிலையற்றது என்று எழுதிவிடுவார்கள். ரூத் சோதனை இடப்பக்க அரைத்தளத்துக்கானது. z-இல் கெழுக்களின் அடையாளம் எதையும் சொல்வதில்லை.

மூன்றாம் வரியை விட்டுவிடலாமா

நிலையான ஓரிடத்தில் தொடங்கி Kp-யை மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் மூன்றாம் வரி முதலில் உடையாது. |c| 1-ஐத் தொடும்போது 1 - c² பூஜ்யமாகிவிடுவதால் நான்காம் வரி அதற்கு முன்போ அந்த இடத்திலோ உடைந்திருக்கும். நம் சுற்றிலும் 10-க்கு முன்பே 9.52-இல் உடைந்தது. இதைக் கண்ட சிலர் மூன்றாம் வரியை விட்டுவிட்டு, நான்காவதை மட்டுக்குறி இல்லாத சுருக்க வடிவில் பயன்படுத்துகிறார்கள். அது ஆபத்து. இந்தக் கோவையைப் பாருங்கள்.

```
z^3 + 6z^2 + 8z + 2
```

முதல் வரி 17, இரண்டாவது 1 - 6 + 8 - 2 = 1, சுருக்கிய நான்காவது 1 - 8 + 12 - 4 = 1. மூன்றும் நேர்மறை. ஆனால் c = 2. மூலங்களின் பெருக்கத்தின் அளவே 2 என்றால் ஒன்றாவது வெளியே இருந்தே ஆக வேண்டும். உண்மையில் இரண்டு வெளியே இருக்கின்றன. மட்டுக்குறியை எடுத்ததற்கு நான் மேலே சொன்ன காரணம் |c| < 1 என்பதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அது போனால் காரணமும் போய்விடும். நான்கு வரிகளையும் முழுமையாகவே போடும் நிரல் இது.

```python
def jury3(a3, a2, a1, a0):
    if a3 < 0:
        a3, a2, a1, a0 = -a3, -a2, -a1, -a0
    return (a3 + a2 + a1 + a0,
            a3 - a2 + a1 - a0,
            a3 - abs(a0),
            a3*a3 - a0*a0 - abs(a3*a1 - a0*a2))
```

திரும்பும் நான்கு எண்களும் நேர்மறையாக இருக்க வேண்டும். முதல் கெழு எதிர்மறையாக இருந்தால் கோவை முழுவதையும் -1-ஆல் பெருக்கும் வரியை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாமல் முதல் மூன்று சோதனைகளும் பொருளற்றவை.

அறிகுறி: நிலையானதுதான், ஆனால் ஆடி ஆடித்தான் அடங்குகிறது

நான்காம் வரியில் 8 வந்ததா 16 வந்ததா என்பதை வைத்து எவ்வளவு வேகமாக அடங்கும் என்று சொல்ல முடியாது. அந்த எண் தூரத்தை அளப்பதில்லை, எந்தப் பக்கம் என்பதை மட்டும் சொல்கிறது. ஆனால் அதே சோதனையை வட்டத்தைச் சுருக்கிப் போடலாம். எல்லா மூலங்களும் 0.9 ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று அறிய, a-யை 0.9-ஆலும், b-யை 0.81-ஆலும், c-யை 0.729-ஆலும் வகுத்துவிட்டு நான்கு வரிகளையும் மறுபடி போட்டால் போதும்.

Kp = 3, Ki = 2-க்கு 0.9 வட்டத்தில் a = -2.1111, b = 1.7284, c = -0.4115. நான்காம் வரியின் சுருக்கம் 1 - 1.7284 + 0.8687 - 0.1693 = -0.029, தோல்வி. 0.95 வட்டத்தில் அதே கணக்கு +0.026, மற்ற வரிகளும் தேறுகின்றன. ஆக மிகப் பெரிய மூலம் 0.9-க்கும் 0.95-க்கும் நடுவில். 0.9 ஆரத்தில் ஒரு அலை தன் 2 விழுக்காட்டுக்குத் தேய 37 மாதிரிகளும், 0.95 ஆரத்தில் 76 மாதிரிகளும் ஆகும். அதாவது இந்த மதிப்புகளோடு பிரஷர் அடங்க ஏறக்குறைய 4 முதல் 8 விநாடி.

அன்று கண்ட மூலகாரணம்

Kp-யை 3 ஆக உயர்த்தியதும் ஆட்டம் நின்றது. அங்கேயே விட்டிருக்கலாம்; ஆனால் Ki = 2 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருந்தது. பட்டறையில் கொடுத்த குறிப்பில் Ki விநாடிக்கு 2 என்று இருந்தது. நிரலில் ஒவ்வொரு மாதிரிக்கும் பிழையைக் கூட்டும் இடத்தில் 0.1 விநாடி இடைவெளியால் பெருக்க மறந்திருந்தோம். எங்கள் கோவையில் இருப்பது மாதிரிக்கு உரிய Ki; அது 0.2 ஆக இருந்திருக்க வேண்டும், 2 ஆகிவிட்டது.

இடைவெளியைச் சேர்த்துவிட்டு, முதலில் இருந்த Kp = 1-ஐயே வைத்தால், b = 1.02, c = -0.1. நான்கு வரிகளும் 0.02, 4.02, 0.9, 0.16, எல்லாம் நேர்மறை. 0.9 வட்டத்தில் போட்டாலும் முதல் வரியும் நான்காவதும் ஏறக்குறைய 0.011 வருகின்றன, மற்ற இரண்டும் நன்றாகவே தேறுகின்றன. ஆகவே இது 4 விநாடிக்குள் அடங்கும்.

இரண்டு தீர்வுகளும் அன்று எந்திரத்தை அடக்கின. ஆனால் சாயப்பட்டறையில் ஒரு எந்திரத்தின் வால்வு மூடினால் அதே வேக மாற்றத்துக்குப் பிரஷர் அதிகமாக ஏறும், 0.1 என்ற பெருக்கம் அன்றன்றைக்கு மாறும். அதை g என்று எழுத்தாக வைத்து நான்காம் வரியைப் போட்டேன்.

```
0.1 + 0.9 g Kp - g Ki - g^2 Kp^2 > 0

Kp = 3, Ki = 2    ->  g < 0.151
Kp = 1, Ki = 0.2  ->  g < 0.822
```

Kp = 3 வைத்து விட்டிருந்தால், பெருக்கம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும் நாளில், ஒருவேளை இரவு ஷிப்டில் பாதி எந்திரங்களை நிறுத்தும்போது, பம்ப் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கும். திருத்திய நிரலில் பெருக்கம் எட்டு மடங்கு வரை ஏறலாம். Kp-யை மறுபடி 1-க்குக் கொண்டுவந்து, Ki வரியில் இடைவெளியால் பெருக்கிய நிரலை அனுப்பிவிட்டு, இரண்டு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடச் சொல்லித் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறையும் பிரஷர் ஒரு தடவை ஏறி, ஆடாமல் வந்து நின்றது.